ரிங் கவுண்ட்டர், ஜான்சன் கவுண்ட்டர்: எல்.இ.டி. காட்டும் அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

பிரெட்போர்டில் ரிங் கவுண்ட்டரோ ஜான்சன் கவுண்ட்டரோ கட்டியாச்சு, கரன்ட் கொடுத்தாச்சு, ஆனால் புத்தகத்தில் இருக்கிற வரிசை வரவில்லை. உடனே எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து கட்டத் தோன்றும். பிடுங்காதீர்கள். இந்த இரண்டு சர்க்யூட்டும் தப்பாக ஓடும்போதுகூட ஒரு ஒழுங்கோடுதான் தப்பாக ஓடும், அந்த ஒழுங்கைப் படித்தாலே எங்கே கோளாறு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொள்வது நாலு ஃபிளிப்-ஃபிளாப் கொண்ட அமைப்பு. இரண்டு 7474 ஐ.சி. (ஹெச்.சி. வகை), 5 வோல்ட் சப்ளை, நாலு ஃபிளாப்புக்கும் ஒரே கிளாக், ஒவ்வொரு Q-விலும் 1 கிலோ ஓம் போட்டு ஒரு சிவப்பு எல்.இ.டி. Q0 அடுத்த ஃபிளாப்பின் D1-க்கு, Q1 D2-க்கு, Q2 D3-க்குப் போகிறது. இதுவரை இரண்டு கவுண்ட்டருக்கும் ஒன்றுதான். கடைசி ஒயரில்தான் ஆளே மாறுகிறார்: Q3-யை அப்படியே D0-க்குத் திருப்பினால் ரிங், Q3-யின் தலைகீழ் வெளியீட்டைத் திருப்பினால் ஜான்சன். சரியாக ஓடினால் வர வேண்டிய வரிசை இது (இடமிருந்து வலமாக Q0 Q1 Q2 Q3):

```
ரிங்:    1000 → 0100 → 0010 → 0001 → 1000
ஜான்சன்: 0000 → 1000 → 1100 → 1110 → 1111
         → 0111 → 0011 → 0001 → 0000
```

நாலு ஃபிளாப்புக்கு மொத்தம் 16 நிலைகள் உண்டு. ரிங் அதில் 4-ஐத்தான் பயன்படுத்துகிறது, 12 சும்மா கிடக்கிறது. ஜான்சன் 8-ஐப் பயன்படுத்துகிறது, 8 சும்மா கிடக்கிறது. "சும்மா" என்று சொன்னேனே தவிர, நம் கோளாறுகளில் பாதி அங்கேதான் குடியிருக்கின்றன. சர்க்யூட்டுக்கு எது பயன்படும் நிலை, எது பயன்படாத நிலை என்று எதுவும் தெரியாது. எந்த நிலையில் கண் விழித்ததோ அங்கிருந்து நகர்த்திக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

முதலில் கிளாக்கை நொடிக்கு ஒன்று என்கிற அளவுக்கு மெதுவாக்குங்கள். 555 டைமராக இருந்தால் கெப்பாசிட்டரைப் பெரிதாக மாற்றினால் போதும். எல்.இ.டி. வரிசையைப் பார்த்துத் தாளில் ஒன்று, பூஜ்யமாக எழுதுங்கள். குறைந்தது பத்துப் பன்னிரண்டு கிளாக் எழுத வேண்டும், நாலைந்தோடு நிறுத்தினால் சுற்று முழுதாகத் தெரியாது. பிறகு கீழே வாருங்கள்.

ரிங்: எதுவும் எரியவில்லை, அல்லது நாலும் எரிந்தபடியே நிற்கிறது

கிளாக் வருகிறதா என்று முதலில் பார்ப்பது சரிதான், ஆனால் கிளாக் வந்தாலும் இப்படித்தான் இருக்கும். 0000-ஐ நகர்த்தினால் 0000, 1111-ஐ நகர்த்தினால் 1111. ரிங் கவுண்ட்டர் தானாக ஒரு 1-ஐ உருவாக்காது, இருக்கிற 1-ஐச் சுற்றிவிடும் வேலை மட்டும்தான் அதற்கு. அந்த முதல் 1-ஐ நாம்தான் போட வேண்டும்.

இங்கே அதிகம் நடப்பது இது: நாலு ஃபிளாப்பின் கிளியர் கால்களையும் சேர்த்து ஒரு ரீசெட் பட்டனில் கட்டிவிடுவார்கள். மற்ற கவுண்ட்டர்களுக்கு அது பழக்கமான வேலை என்பதால் கை தானாகச் செய்துவிடும். ரிங்கில் அது கவுண்ட்டரைக் கொல்வதற்குச் சமம், பட்டனை அழுத்தியதும் 0000, அதற்கப்புறம் ஆயிரம் கிளாக் கொடுத்தாலும் 0000. ரீசெட் ஒயர் முதல் ஃபிளாப்பின் பிரீசெட்டுக்கும் மற்ற மூன்றின் கிளியருக்கும் போக வேண்டும். முதல் ஐ.சி.யில் பிரீசெட் 4-ஆம் கால், அந்த ஐ.சி.யின் இரண்டாவது ஃபிளாப்புக்குக் கிளியர் 13-ஆம் கால், அடுத்த ஐ.சி.யில் கிளியர் 1-உம் 13-உம். மிச்சமிருக்கிற பிரீசெட், கிளியர் கால்களை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். 7474-இல் இவை பூஜ்யம் வந்தால் வேலை செய்பவை. 4013 போட்டிருந்தால் நேர் எதிர், அதில் செட்டும் ரீசெட்டும் 1 வந்தால் வேலை செய்யும், எனவே பயன்படுத்தாததைக் கிரவுண்டில் கட்ட வேண்டும். ஒன்றுக்குக் கட்டியதை அப்படியே இன்னொன்றுக்கு மாற்றினால் கவுண்ட்டர் அசையாமல் நிற்கும்.

கால்களை எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விட்டிருந்தால் அறிகுறி வேறு மாதிரி. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் வரிசை குழம்பும். விரலால் தொட்டதும் எல்.இ.டி. மாறினால் அந்தரத்தில் நிற்கும் கால் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், வேறு எதையும் தேட வேண்டாம்.

ரிங்: ரீசெட்டில் முதல் எல்.இ.டி. எரிகிறது, ஒன்றிரண்டு கிளாக்கில் ஒளி காணாமல் போகிறது

1 சரியாகப் போடப்பட்டது, ஆனால் வழியில் எங்கோ தொலைந்தது. எந்த எல்.இ.டி. கடைசியாக எரிந்ததோ அதன் Q-வில் மீட்டரை வையுங்கள். எரியும்போது 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, இரண்டரை என்று காட்டினால் அந்த எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் போடவில்லை அல்லது ரெசிஸ்டர் ஷார்ட்டாகிக் கிடக்கிறது. சிவப்பு எல்.இ.டி. அந்த வெளியீட்டை 2 வோல்ட் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு விளக்கு நன்றாகவே எரியும், ஏன், மற்றதைவிடப் பளிச்சென்றுகூட எரியும். ஆனால் ஹெச்.சி. வகை ஐ.சி. 5 வோல்ட் சப்ளையில் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் 1 என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். அடுத்த ஃபிளாப் அதைப் பூஜ்யம் என்று படித்துவிடுகிறது, 1 அங்கேயே செத்துப்போகிறது. மீட்டர் 5 வோல்ட் காட்டினால் எல்.இ.டி.யில் குற்றமில்லை, அந்த Q-விலிருந்து அடுத்த D-க்குப் போகும் ஒயர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிங்: ஒன்றுக்கு மேல் எரிந்துகொண்டே சுற்றுகிறது

இது பயன்படாத நிலைகளின் வீடு. அந்த 12 நிலைகளையும் தாளில் நகர்த்திப் பார்த்தால் அவை தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிவது தெரியும்:

```
0000 → 0000
1111 → 1111
1010 → 0101 → 1010
1100 → 0110 → 0011 → 1001 → 1100
1110 → 0111 → 1011 → 1101 → 1110
```

எந்தக் குடும்பத்திலிருந்தும் சரியான வரிசைக்கு வழி கிடையாது. உள்ளே போனால் ரீசெட் அடிக்கும் வரை அங்கேதான்.

கிளாக்கை மெதுவாக்க முடியாத இடத்தில் மல்டிமீட்டரே போதும். 1 கிலோஹெர்ட்ஸில் ஓடட்டும், எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு Q-வில் டி.சி. வோல்ட்டேஜ் பாருங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், எனவே ஒற்றை 1 சுற்றினால் சுமார் 1.25 வோல்ட், இரண்டு சுற்றினால் 2.5, மூன்று சுற்றினால் 3.75. அதிர்வெண் மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் 1100 குடும்பமும் 1110 குடும்பமும் சரியான வரிசையைப் போலவே 250 ஹெர்ட்ஸ்தான் காட்டும். 1010 மட்டும் 500 காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குள் எப்படிப் போனது? ரீசெட்டே இல்லாமல் கரன்ட் கொடுத்திருந்தால் கேள்வியே இல்லை, ஃபிளாப்புகள் தோன்றியபடி எழுந்திருக்கும். ரீசெட் இருந்தும் இப்படி ஆனால், கிளாக் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட் மெதுவாக விடுபடுகிறதா என்று பாருங்கள். 10 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரடும் போட்டு நேராகக் காலில் கொடுத்திருந்தால் வோல்ட்டேஜ் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்து ஊர்ந்து ஏறும். ஒவ்வொரு காலும் கொஞ்சம் வேறு வோல்ட்டேஜில் விடுபடும். மற்ற மூன்றும் முன்னாலேயே விடுபட்டு, முதல் ஃபிளாப் மட்டும் பிரீசெட்டில் பிடிபட்டு நிற்கும்போது ஒரு கிளாக் வந்தால், Q0 1-ஆகவே இருக்க Q1-உம் 1 ஆகிவிடும்: 1100. குடும்பம் மாறியாச்சு. கெப்பாசிட்டருக்கும் கால்களுக்கும் நடுவில் 7414 ஷ்மிட் இன்வெர்ட்டர் ஐ.சி.யின் இரண்டு கேட்டுகளைத் தொடராகப் போடுங்கள், விடுபடுவது சுத்தமாகிவிடும்.

ஜான்சனில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் வருவதில்லை தெரியுமா? அது தொடங்குவது 0000-இல். நாலில் எது முந்தி விடுபட்டாலும், எது பிந்தினாலும், 0000, 1000, 1100, 1110 இவற்றில் ஒன்றில்தான் நிற்கும், நாலுமே சரியான நிலைகள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஜான்சன் பக்கம் சாய்வேன்.

ரீசெட்டை நம்பாமல் ரிங்கைத் தானே திருந்த வைக்கவும் வழி இருக்கிறது, ஒரே ஒரு மூன்று உள்ளீட்டு நார் கேட் போதும். Q3-யிலிருந்து D0-க்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு இப்படிக் கொடுங்கள்:

```
D0 = NOT (Q0 + Q1 + Q2)
```

முதல் மூன்றும் பூஜ்யமானால் மட்டுமே புது 1 உள்ளே வரும். 1111-இல் மாட்டியிருந்தால் 0111, 0011, 0001 என்று காலியாகி வரிசையில் சேர்ந்துவிடும். 0000 அடுத்த கிளாக்கிலேயே 1000 ஆகும். எந்த மோசமான நிலையிலிருந்தும் மூன்று கிளாக்குக்குள் வந்துவிடும், தாளில் போட்டுப் பாருங்கள்.

ரிங் கட்டினேன், விளக்குகள் ஒவ்வொன்றாக நிரம்பி, ஒவ்வொன்றாக அணைகிறது

நீங்கள் கட்டியது ஜான்சன். 7474-இல் இரண்டாவது ஃபிளாப்பின் Q 9-ஆம் கால், அதன் தலைகீழ் 8-ஆம் கால், இரண்டும் அடுத்தடுத்த ஓட்டை. திருப்பும் ஒயர் ஒரு ஓட்டை தள்ளிப்போயிருக்கிறது. இதே தப்பு எதிர்ப்பக்கம் நடந்தால், அதாவது ஜான்சன் கட்ட நினைத்து 9-இல் செருகினால், ரீசெட் அடித்ததும் 0000-இல் படுத்துவிடும்.

ஜான்சன்: எட்டு விளக்கில் மூன்று சேர்ந்து எரிகிறது

ஜான்சனின் எட்டு நிலைகளையும் எட்டுத் தனி விளக்குகளில் பிரித்துக் காட்ட எட்டு ஆண்ட் கேட் போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டே உள்ளீடு. எத்தனை ஃபிளாப் போட்டாலும் இரண்டே உள்ளீடுதான். 1100-க்கு Q1 = 1, Q2 = 0 என்று பார்த்தால் போதும், 1111-க்கு Q0-உம் Q3-யும் 1. ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரே ஒரு ஃபிளாப்தான் மாறும் என்பதால் இந்தக் கேட்டுகளில் நடுவில் பொய்த் துடிப்பும் வராது. ரிங்குக்கு இந்தக் கேட்டே வேண்டாம், Q-வே விளக்கு. ஆனால் அதில் ஒரே நேரத்தில் இரண்டு ஃபிளாப் மாறும்.

சரியாக ஓடினால் எட்டில் ஒரே விளக்குதான் எரியும். மூன்று எரிந்தால் கேட்டுகளைச் சந்தேகிக்காதீர்கள். பயன்படாத எட்டு நிலைகளும் இங்கே ஒரே சுற்றாகச் சேர்ந்திருக்கின்றன:

```
0100 → 1010 → 1101 → 0110 → 1011
     → 0101 → 0010 → 1001 → 0100
```

இந்த எட்டில் எதை எடுத்தாலும் சரியாக மூன்று கேட் திறக்கும், இரண்டும் இல்லை நாலும் இல்லை. 0100-ஐ எடுங்கள்: Q0-உம் Q3-யும் பூஜ்யம் என்பதால் 0000-க்கான விளக்கு எரியும், Q1 = 1, Q2 = 0 என்பதால் 1100-க்கானதும் எரியும், Q0 = 0, Q1 = 1 என்பதால் 0111-க்கானதும் எரியும். எல்லாக் கிளாக்கிலும் மூன்று எரிந்தால் சர்க்யூட் தப்பான சுற்றில் ஓடுகிறது. எப்போதாவது மட்டும் இரண்டு எரிந்தால் அது ஒரு கேட்டின் ஒயர் கோளாறு. இந்த வித்தியாசம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

விளக்குகள் இல்லாமல் வெறும் அதிர்வெண் பிரிப்பானாக ஜான்சனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ரிங்குக்குச் சொன்ன வோல்ட்டேஜ் வித்தை இங்கே பலிக்காது. நல்ல சுற்றிலும் கெட்ட சுற்றிலும் ஒவ்வொரு Q-வும் எட்டில் நாலு கிளாக் 1-ஆக இருக்கும், மீட்டர் இரண்டுக்கும் 2.5 வோல்ட்தான் காட்டும். இங்கே அதிர்வெண்ணைப் பாருங்கள். நல்ல சுற்றில் நாலு கிளாக் முழுதாக 1, நாலு கிளாக் முழுதாக 0, எனவே 1 கிலோஹெர்ட்ஸுக்கு 125 ஹெர்ட்ஸ். கெட்ட சுற்றில் Q0 0, 1, 1, 0, 1, 0, 0, 1 என்று போகிறது, எட்டுக் கிளாக்குக்குள் மூன்று முறை ஏறுகிறது, மீட்டர் 375 காட்டும். எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு வருகிறதே என்று கிளாக்கைக் குறை சொல்லி 555-ஐ மாற்றிக்கொண்டிருந்தால் தீராது.

ரீசெட் அடித்தால் சரியாகிவிடும், ஆனால் சப்ளையில் ஒரு மின் இரைச்சல் வந்து ஏதாவது ஒரு ஃபிளாப் புரண்டால் திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு ஐ.சி.க்கும் சப்ளை காலில் 100 நானோஃபாரட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கப்புறம் Q1-இலிருந்து D2-க்குப் போகும் ஒயரை எடுத்துவிட்டு, ஒரு ஆர், ஒரு ஆண்ட் போட்டு இப்படி மாற்றலாம்:

```
D2 = (Q0 + Q2) · Q1
```

நல்ல எட்டு நிலைகளில் இது ஒன்றையும் மாற்றாது. கெட்ட சுற்றில் மட்டும் இரண்டு இடத்தில் வெட்டுகிறது: 0100 வந்தால் 1010-க்குப் போகாமல் 1000-க்குப் போகும், 0101 வந்தால் 0010-க்குப் போகாமல் 0000-க்குப் போகும். அதிகபட்சம் ஐந்து கிளாக்கில் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் கட்டச் சோம்பலாக இருந்தால் 4017 வாங்குங்கள். அதற்குள் இருப்பது ஐந்து ஃபிளாப் ஜான்சன்தான், மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான கேட்டுகளும் உள்ளேயே இருக்கின்றன.

பட்டனை ஒரு தடவை அழுத்தினால் தாவுகிறது, அல்லது இரண்டு விளக்கு எப்போதும் ஜோடியாக எரிகிறது

இரண்டும் வேறு வேறு நோய், ஆனால் ஒன்றுக்குப் போட்ட மருந்து இன்னொன்றைக் கொண்டுவரும் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். தாவும் தூரம் ஒவ்வொரு தடவையும் மாறினால் அது பட்டன் துள்ளல், ஒரு அழுத்துக்குப் பல கிளாக் போகிறது. கவுண்ட்டரில் குறை இல்லை.

அதைச் சரிசெய்ய பட்டனுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் போட்டு நேராகக் கிளாக் காலில் கொடுப்பார்கள். இப்போது கிளாக் மில்லிநொடிக் கணக்கில் ஊர்ந்து ஏறுகிறது. இரண்டு ஐ.சி.யும் ஒரே வோல்ட்டேஜில் விழித்துக்கொள்வதில்லை, முதல் ஐ.சி. முந்திவிடும், இரண்டாவதற்குக் கிளாக் வரும்போது Q1 ஏற்கெனவே மாறியிருக்கும், Q2 அந்தப் புது மதிப்பை எடுத்துக்கொள்ளும். பலன்: Q1-உம் Q2-உம் எப்போதும் ஒன்றாகவே மாறும். ரிங் 1000, 0110, 0001 என்று மூன்றே நிலையில் சுற்றும், ஜான்சன் எட்டுக்குப் பதில் ஆறு நிலையில் சுற்றும். 1100 குடும்பத்தில் ஜோடி நகர்ந்துகொண்டே இருக்கும், இங்கே ஜோடி ஒரே இடத்தில், இரண்டு ஐ.சி.க்கும் நடுவில் மட்டும் வரும். ஒரு ஐ.சி.க்கு நேராகவும் இன்னொன்றுக்கு இரண்டு கேட் தாண்டியும் கிளாக் கொடுத்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஒரே மூலத்திலிருந்து, 7414 வழியாக வந்த கூர்மையான கிளாக்கை இரண்டுக்கும் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

எனக்கு வேண்டிய எண்ணிக்கை வரவில்லை

இது கோளாறு அல்ல, கணக்கு. ரிங்கில் n ஃபிளாப்புக்கு n நிலை, ஜான்சனில் n ஃபிளாப்புக்கு 2n. பத்து வரை எண்ண ரிங்குக்குப் பத்து ஃபிளாப், அதில் பயன்படாதவை 1014. ஜான்சனுக்கு ஐந்து ஃபிளாப், பயன்படாதவை 22. சாதாரண பைனரிக்கு நாலு ஃபிளாப், 6 நிலை வீண், ஆனால் அங்கே பத்து விளக்குக்கும் கேட் பெரிதாகும்.

ஒற்றைப்படை எண் வேண்டுமென்றால் ரிங்கில் பிரச்சினை இல்லை, ஜான்சன் இரட்டைப்படையில்தான் நிற்கும் என்று விட்டுவிட வேண்டாம். நாலு ஃபிளாப்பில் ஏழு நிலை வேண்டுமா, திருப்பும் ஒயருக்குப் பதில் ஒரு நார் கேட் போடுங்கள்:

```
D0 = NOT (Q2 + Q3)
0000 → 1000 → 1100 → 1110 → 0111 → 0011 → 0001 → 0000
```

1111 மட்டும் வரிசையிலிருந்து விழுந்துவிடுகிறது. கொசுறாக இன்னொன்றும் கிடைக்கிறது: மிச்சமிருக்கிற ஒன்பது நிலைகளையும் நகர்த்திப் பாருங்கள், 1001-இல் தொடங்கினால்கூட 0100, 1010, 0101, 0010 என்று போய் ஐந்தாவது கிளாக்கில் 0001-இல் சேர்ந்துவிடும், மற்றவை அதற்கு முன்பே சேரும். இந்த ஏழு நிலை ஜான்சனுக்குத் தனியாகத் திருத்தும் கேட் வேண்டாம்.